கோணமானிக்கு முன்னால் காகிதம்

ஏழாம் வகுப்பில் கோணங்கள் பாடத்தைத் தொடங்கும் அன்று யாரும் ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிடுவேன். காகிதம் மட்டும்தான். கோணமானி அடுத்த பீரியடில்தான் வெளியே வரும். வழக்கமாக இது தலைகீழாக நடக்கும்: கோணத்தின் வரையறை, குறுங்கோணம், விரிகோணம் என்று வகைகள், உடனே கோணமானியை வைத்து அளக்கும் பயிற்சி. அந்த வரிசையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. பிள்ளைகளுக்கு அளவு என்பது பிளாஸ்டிக் சொல்கிற எண்ணாகவே நின்றுவிடுகிறது. அது 120 என்று காட்டினால் 120 என்று எழுதுவார்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பது ஒரு கூர்மையான சிறிய கோணம் என்பது அவர்களை உறுத்துவதே இல்லை. ஏனென்றால் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் கையில் வேறு எதுவும் இல்லை.

அதனால் முதலில், எந்தக் கருவியும் இல்லாமல், இது இத்தனை பாகையாகத்தான் இருக்க முடியும் என்று காரணத்தோடு சொல்லக்கூடிய சில கோணங்களைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்கிறோம். பிறகு கோணமானியை எடுத்து அந்தக் கோணங்களின் மேல் வைக்கிறோம். சோதனைக்கு உள்ளாவது காகிதம் இல்லை, கோணமானியும் அதைப் பிடிக்கிற கையும்தான். தராசைச் சோதிக்க முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்துப் பார்ப்பார்களே, அதுபோல.

இதற்கு 40 நிமிட பீரியட் இரண்டு போதும். பொருட்கள் என்று பார்த்தால் பழைய செய்தித்தாள், ஒரு பக்கம் அச்சான ஏ4 தாள் ஆளுக்கு இரண்டு, பென்சில், இரண்டு பேருக்கு ஒரு கோணமானி. கோடு போட்ட நோட்டுத் தாள் வேண்டாம். பிள்ளைகள் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு மடிப்பார்கள், மடிப்பின் வேலையை அச்சிட்ட கோடு செய்துவிடும். சார்ட் பேப்பரும் வேண்டாம். இரண்டு முறை மடித்தாலே அது முரண்டு பிடிக்கும்.

முதல் வேலை செய்தித்தாளில். ஆளுக்கு ஒரு துண்டு கிழித்துக்கொள்ளச் சொல்வேன், எந்தப் பக்கமும் நேராக இருக்கக் கூடாது, மூலை எதுவும் மிஞ்சக் கூடாது. "டீச்சர், கத்திரிக்கோல்?" என்று ஒரு குரல் வரும். கையால்தான் கிழிக்க வேண்டும். ஒழுங்கற்ற அந்தத் துண்டை எங்காவது ஒரு முறை மடித்து நகத்தால் அழுத்தினால் ஒரு நேர்க்கோடு கிடைக்கிறது. அளவுகோல் இல்லாமலே கிடைத்த நேர்க்கோடு. அடுத்து, மடித்த நிலையிலேயே, அந்த மடிப்பு விளிம்பின் ஒரு பாதி மறுபாதியின் மேல் சரியாகப் படியும்படி இன்னொரு முறை மடிக்க வேண்டும். இப்போது கையில் ஒரு மூலை இருக்கிறது. கிழிந்த காகிதத்திலிருந்து புத்தக மூலை மாதிரி ஒன்று வந்துவிட்டதைப் பார்த்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அதை அடக்க வேண்டியதில்லை.

இங்கே நிறுத்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது செங்கோணம் என்று எப்படித் தெரியும்? "பார்த்தாலே தெரியுது டீச்சர்" என்பதை ஏற்றுக்கொள்வதில்லை. மடிப்பைப் பிரிக்கச் சொல்வேன். இரண்டு மடிப்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன, வெட்டும் புள்ளியைச் சுற்றி நான்கு கோணங்கள். மடித்தபோது நான்கும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து ஒரே மூலையாக இருந்தன. ஆகவே நான்கும் சமம். நான்கும் சேர்ந்து ஒரு முழுச் சுற்று, 360°. அப்படியானால் ஒன்று 90°. யாரும் எதையும் அளக்கவில்லை, ஆனால் அளவு கிடைத்துவிட்டது. இந்தக் காரணத்தை ஒரு பிள்ளையாவது தன் வாயால் சொல்லும்வரை நான் அடுத்ததற்குப் போவதில்லை. முதல் பீரியடில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது மடிப்பில்தான் தவறு நடக்கும். விளிம்பு விளிம்பின் மேல் படியாமல் கொஞ்சம் விலகியிருந்தால் மூலை 88° ஆகவோ 92° ஆகவோ வந்துவிடும். கண்டுபிடிப்பது எளிது: மடித்த மூலையை ஓரமாகப் பார்த்தால் அடியில் உள்ள அடுக்கு மெல்லிய பட்டையாக வெளியே எட்டிப் பார்க்கும். இன்னொரு சோதனையும் உண்டு. பக்கத்துப் பிள்ளையின் மூலையையும் தன் மூலையையும் பெஞ்சின் நேர் விளிம்பில் ஒட்டி வைக்க வேண்டும். இரண்டும் செங்கோணம் என்றால் நடுவில் இடைவெளியும் இருக்காது, ஒன்று மற்றதன் மேல் ஏறவும் செய்யாது. இடைவெளி தெரிந்தால் யாருடையது பிழை என்று அறிய மூன்றாவது ஆளின் மூலை வேண்டும். இந்தச் சோதனையைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் மூன்று மூன்று பேராகத் தாங்களே கூடிப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்.

மூலை தயாரானதும் அதை எடுத்துக்கொண்டு வகுப்பறையைச் சுற்றி வரலாம். கரும்பலகையின் மூலை, சன்னல் கம்பி, கதவின் கீழ்ப்பக்கம், டெஸ்க்கின் கால். பழைய மரக்கதவுகளில் சில செங்கோணத்தில் இல்லை என்று பிள்ளைகள்தான் வந்து சொல்வார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் இது வேண்டாம். இதில் சிறிய வேலை ஒன்று மட்டும் நடந்தாக வேண்டும்: பார்க்கும் கோணம் தங்கள் மூலையைவிடச் சிறியதா, பெரியதா, சமமா என்று ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டும். குறுங்கோணம், விரிகோணம் என்ற பெயர்களை இங்கேதான் கொடுக்கிறேன். மூலைக்குள் அடங்குவது குறுங்கோணம், மூலையைத் தாண்டி விரிவது விரிகோணம். இந்த ஒப்பீடு அடுத்த பீரியடில் பெரிய உதவியாக இருக்கும்.

அப்புறம், கரங்கள் நீளமாக இருந்தால் கோணம் பெரியது என்ற எண்ணம். ஏழாம் வகுப்புக்கு வந்த பிறகும் இது பல பிள்ளைகளிடம் இருக்கிறது, கேட்டால் ஒழிய வெளியே வராது. கரும்பலகையில் நீளமான கரங்களோடு ஒரு 40° கோணமும் குட்டிக் கரங்களோடு ஒரு 60° கோணமும் வரைந்து எது பெரியது என்று கேட்டால் தெரிந்துவிடும். இதை விளக்கிப் பயனில்லை, செய்துதான் காட்ட வேண்டும். உள்ளங்கை அளவு துண்டில் ஒரு மூலை மடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்தித்தாளின் முழு விரிப்பில் ஒன்று மடியுங்கள். சின்ன மூலையைப் பெரிய மூலையின் மேல் உச்சியோடு உச்சி பொருந்த வைத்தால் கரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் போகின்றன, பெரியது வெளியே நீண்டுகொண்டு போகிறது, அவ்வளவுதான். திறப்பு ஒன்றேதான். இதே மூலைகளை மறுபடி பாதியாக மடித்து 45° ஆக்கி அதையும் வைத்துப் பார்க்கச் சொல்வேன். செங்கோணம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைக்குக்கூட, இன்னொரு கோணத்திலும் இது நடப்பதைப் பார்க்கும்போதுதான் விஷயம் உறைக்கும்.

45° க்குப் பிறகு மறுபடி பாதி மடித்தால் இருபத்திரண்டரை. அதற்கு மேல் செய்தித்தாள் ஒத்துழைக்காது. ஏற்கெனவே பதினாறு அடுக்குகள் சேர்ந்துவிட்டன. உள் அடுக்குகள் வெளி அடுக்குகளைவிடக் கொஞ்சம் குறைவாகவே வளைந்து நகர்கின்றன, மடிப்பு ஒரே கோட்டில் விழாமல் ஒரு பட்டையாகப் பரவுகிறது. எல்லாவற்றையும் சேர்த்து மடிக்காமல், பிரித்துவிட்டுத் தேவையான இரண்டு கோடுகளை மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒற்றை அடுக்கில் மடித்தால் இந்தச் சிக்கல் இல்லை. இந்தத் தந்திரத்தைச் சொல்லி வைப்பது நல்லது, இனிமேல் வருவது எல்லாம் அப்படித்தான்.

பாதி பாதியாக மடித்துக்கொண்டே போனால் 90, 45, இருபத்திரண்டரை என்று இறங்கலாமே தவிர 60 வராது. 60 வேண்டுமென்றால் என்ன செய்வது? இதுதான் இந்தப் பாடத்தின் அழகான மடிப்பு. ஏ4 தாளை எடுத்து நெட்டுவாக்கில் பிடித்துக்கொள்ளுங்கள், அகலம் 21 செ.மீ. கீழே. இடது விளிம்பை வலது விளிம்பின் மேல் வைத்து மடித்துப் பிரித்தால் தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மடிப்புக் கோடு. இப்போது இடது கீழ் மூலையை ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள், அது அசையக் கூடாது. வலது கீழ் மூலையைத் தூக்கி, அந்த நடுக்கோட்டின் மேல் கொண்டுபோய் வையுங்கள். மூலை நடுக்கோட்டின் மேலேயே மேலும் கீழுமாக நகரும். மடிப்பு சரியாக இடது கீழ் மூலை வழியாகப் போகும் இடம் வந்ததும் அழுத்தி மடியுங்கள். பிரிப்பதற்கு முன் மூலை தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, மடிந்து வந்த கீழ் விளிம்பை ஒட்டி ஒரு கோடு.

பிரித்துப் பாருங்கள். இடது கீழ் மூலையிலிருந்து புள்ளிக்கு ஒரு பென்சில் கோடு இருக்கிறது. அந்தக் கோடு உண்மையில் தாளின் கீழ் விளிம்புதான், எழுந்து வந்து அங்கே படுத்திருந்தது. ஆகவே அதன் நீளமும் 21 செ.மீ. அடுத்து, புள்ளி நடுக்கோட்டின் மேல் இருக்கிறது. நடுக்கோட்டில் உள்ள எந்தப் புள்ளியும் இடது மூலையிலிருந்தும் வலது மூலையிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும், தாளை அந்தக் கோட்டில் மடித்தால் ஒரு மூலை மற்றதன் மேல் படிகிறதே, அதுதான் காரணம். அப்படியானால் வலது கீழ் மூலையிலிருந்து புள்ளிக்கும் 21 செ.மீ. கீழ் விளிம்பும் 21. மூன்று பக்கமும் சமமான முக்கோணம். அளவுகோலை இன்னும் தொடவில்லை.

மூன்று பக்கம் சமம் என்றால் மூன்று கோணமும் சமம். முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180° என்று படித்த வகுப்பானால், ஒவ்வொன்றும் 60° என்று உடனே சொல்லிவிடுவார்கள். அதை இன்னும் படிக்காத வகுப்புக்கு எனக்குப் பிடித்த வழி வேறு. ஆறு பேர் தங்கள் முக்கோணங்களை வெட்டி எடுத்து, தரையில் ஒரு புள்ளியைச் சுற்றி உச்சிகள் சேரும்படி வைக்க வேண்டும். ஆறும் இடைவெளி இல்லாமல் சுற்றி முடிந்துவிடுகின்றன. முழுச் சுற்று 360, ஆறு சம பங்கு, ஒரு பங்கு 60. யாராவது சரியாக மடிக்கவில்லை என்றால் கடைசி முக்கோணத்துக்கு இடம் போதாது, அல்லது ஒரு மெல்லிய விரிசல் மிஞ்சும். உடனே ஒவ்வொரு முக்கோணமாக எடுத்து மற்றதன் மேல் வைத்துப் பார்த்துக் குற்றவாளியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். தரையில் இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு முக்கோணம் சேர்ந்தால் குறுக்கே 42 செ.மீ. வரும், ஐந்தாறு குழு என்றால் பெஞ்சுகளை நகர்த்த வேண்டியிருக்கும்.

இந்த மடிப்பில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வலது மூலையை நடுக்கோட்டில் வைப்பதில் கவனம் போய், இடது மூலையில் மடிப்பு சரியாக விழாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப்போகும். முழு ஏ4 தாளில் இரண்டு மில்லிமீட்டர் என்றால் பிழை ஏறக்குறைய அரை பாகைதான், கண்ணுக்குத் தெரியாது. தாளை நான்காகக் கிழித்துச் சின்னத் துண்டில் செய்தால் அதே இரண்டு மில்லிமீட்டர் ஒரு பாகையைத் தாண்டிவிடும். காகிதத்தை மிச்சப்படுத்தலாம் என்று சின்னத் துண்டுகளைக் கொடுக்கத் தோன்றும், இந்த ஒரு மடிப்புக்கு மட்டும் வேண்டாம்.

வெட்டிய தாள் போக ஆளுக்கு இன்னொரு தாளில் இதே மடிப்பைச் செய்து வெட்டாமல் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதில் இடது கீழ் மூலையைப் பார்த்தால், கீழ் விளிம்பு, சாய்வான மடிப்பு, பென்சில் கோடு, இடது விளிம்பு என்று நான்கு கதிர்கள். 90° மூலை மூன்று சம பங்காகப் பிரிந்து நிற்கிறது: 30, 30, 30. மடிப்பு 60° ஐப் பாதியாக்கியது என்பதால் முதல் இரண்டும் 30. மீதி, 90 இல் 60 போக, 30. இந்தத் தாள்தான் நாளைக்கு வரும் கோணமானிக்கு எடைக்கல்.

காகித மடிப்பில் வடிவியல் சொல்லித் தருவது நம் ஊருக்குப் புதிது இல்லை என்று ஆசிரியர்களிடம் பேசும்போது ஒரு பெயரைச் சொல்வேன். டி. சுந்தர ராவ் என்பவர் மடிப்பை மட்டுமே வைத்து ஒரு முழு வடிவியல் புத்தகம் எழுதி 1893 இல் சென்னையில் வெளியிட்டார். சதுரம், சமபக்க முக்கோணத்தில் தொடங்கி வளைகோடுகள்வரை போகிறது அது. மழலையர் பள்ளிகளில் கொடுக்கிற காகித மடிப்புப் பயிற்சியிலிருந்துதான் இந்த யோசனை வந்தது என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதைக் குறிப்பிட்டதால் வெளிநாடுகளிலும் பரவியது. நம் ஆசிரியர் பயிற்சியில் இந்தப் பெயரை நான் அதிகம் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இரண்டாவது பீரியட். இப்போது ஜாமெட்ரி பாக்ஸ் திறக்கலாம். கோணமானியில் எண்கள் இரண்டு வரிசையாக எதிர் எதிர்த் திசையில் ஓடுவதைக் காட்டி, கோணத்தின் ஒரு கரம் எந்த 0 வின் மேல் கிடக்கிறதோ அந்த வரிசையில்தான் எண்ணிக்கொண்டு போக வேண்டும் என்று ஒருமுறை சொல்வேன். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. "நேத்து மடிச்ச 60-ஐ அளந்து பாருங்க, 30-ஐயும் அளந்து பாருங்க."

வரும் விடைகள் சுவாரசியமானவை. பெரும்பாலோர் 59, 60, 61 என்பார்கள். சிலர் 120 என்பார்கள். அவர்களைத் திருத்தப் பக்கத்தில் இருப்பவரே போதும், ஏனென்றால் அது 60 என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கூட்டம் 57 என்றும் 25 என்றும் சொல்லும். இவர்களுடைய விடைதான் எனக்கு மிகவும் வேண்டியது. வேறு வேறு பிள்ளைகள், வேறு வேறு தாள்கள், எப்படி ஒரே மாதிரியான பிழை?

காரணம் கோணமானியின் அமைப்பில் இருக்கிறது. 0 விலிருந்து 0 வரை போகும் அடிக்கோடு பிளாஸ்டிக்கின் கீழ் விளிம்பில் இல்லை, அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. எங்கள் பிள்ளைகளிடம் உள்ள கோணமானிகளில் அந்த இடைவெளி சுமார் 5 மி.மீ., எண்கள் எழுதிய வளைவின் ஆரம் சுமார் 5 செ.மீ. அடிக்கோட்டுக்குப் பதிலாக பிளாஸ்டிக் விளிம்பைக் கோணத்தின் கரத்தோடு ஒட்டி வைத்துவிட்டால், கோணமானியின் மையம் உச்சியிலிருந்து 5 மி.மீ. மேலே போய்விடுகிறது. அளவுகோலை விளிம்பில் வைத்துப் பழகிய கை அப்படித்தான் வைக்கும். இந்த அளவுகளுக்குக் கணக்குப் போட்டால் 60° கோணத்தில் ஏறக்குறைய 3 பாகை குறைவாகவும், 30° இல் 5 பாகை குறைவாகவும் காட்டும். 57, 25. செங்கோணத்தில் பிழையே வராது, நேர் மேலே போகும் கரத்துக்கு மையம் மேலே ஏறினாலும் ஒன்றுதான். விரிகோணத்திலோ பிழை எதிர்ப்பக்கம் போகும், 120° ஐ 123° என்று காட்டும்.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் போடுவதில்லை, அதற்கு அவர்கள் திரிகோணமிதி படித்திருக்க வேண்டும். ஆனால் கோணமானியைத் தாளின் மேல் மெதுவாக 5 மி.மீ. மேலும் கீழும் நகர்த்தி, எண் 57 இலிருந்து 60 க்கு வருவதை அவர்களே பார்க்கலாம். செங்கோண மூலையில் வைத்து நகர்த்தினால் 90 அசையாமல் நிற்பதையும் பார்க்கலாம். செங்கோணத்தை மட்டும் அளந்து பார்த்து "எனக்குக் கோணமானி பிடிக்கத் தெரியும்" என்று முடிவு செய்வது ஏன் போதாது என்பது இங்கே தெரிகிறது. சோதனைக்கு 30° தான் சரியான கோணம், பிழையைப் பெரிதாகக் காட்டுவது அதுதான்.

மெல்லிய பென்சில் கோடு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கும் காரணம் உண்டு. 5 செ.மீ. ஆரத்தில் ஒரு பாகை என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்கெட்ச் பேனாவால் தடிமனாக மடிப்பின் மேல் கோடு போட்டால் அந்தக் கோடே ஒரு பாகைக்கு மேல் மறைத்துவிடும்.

இப்போது அளக்கும் செயல்பாடு. பதினைந்து நிமிடம் போதும். இரண்டு பேருக்கு ஒரு புதுத் தாள். நீளமான விளிம்பின் நடுப்பகுதியிலிருந்து தொடங்கி, எப்படி வேண்டுமானாலும் சாய்வாக ஒரு மடிப்பு. மடிப்பின் மேல் பென்சில் கோடு. இப்போது விளிம்பின் மேல் இடப்பக்கம் ஒரு கோணம், வலப்பக்கம் ஒரு கோணம், இரண்டும் சேர்ந்து நேர்க்கோணம். நம் பாடப்புத்தகம் இதை நேரிய கோண இணை என்கிறது. ஒருவர் இடதை மட்டும் அளக்க வேண்டும், மற்றவர் வலதை மட்டும். விடையை ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனிச் சீட்டில் எழுத வேண்டும். இரண்டு பேரும் எழுதி முடித்ததும் சீட்டுகளைத் திருப்பிக் கூட்டி, கரும்பலகையில் வந்து எழுத வேண்டும்: இடது, வலது, கூடுதல்.

180 என்று எல்லோருக்கும் தெரிந்தே இருப்பதால், சீட்டை மறைப்பது முக்கியம். மறைக்காவிட்டால் ஒருவர் அளப்பார், மற்றவர் 180 இலிருந்து கழித்து எழுதுவார்.

கரும்பலகையில் விழும் வரிகளை ஒவ்வொன்றாக வகுப்பு படிக்க வேண்டும். ஒரு வகுப்பில் வந்த சிலவற்றைச் சொல்கிறேன். 64, 117, கூடுதல் 181. இதைச் சரி என்று ஏற்றோம். ஒவ்வொருவரும் ஒரு பாகை இப்படி அப்படிப் படிக்கலாம், ஆக 178 முதல் 182 வரை வந்தால் அளவில் குறையில்லை. அடுத்த ஜோடி 72, 72, கூடுதல் 144. "டீச்சர், ரெண்டு பேரும் ஒரே நம்பர் எழுதிட்டோம்!" இரண்டு கோணமும் சமம் என்றால் மடிப்பு நேராக நின்றிருக்க வேண்டும், தாளில் அது சாய்ந்திருப்பது தெரிகிறது. யாரோ ஒருவர் தவறான வரிசையில் எண்ணைப் படித்திருக்கிறார். யார்? முதல் நாள் மடித்த செங்கோண மூலையை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். வலப்பக்கக் கோணம் மூலையைத் தாண்டி விரிந்தது, அது 108 ஆக இருக்க வேண்டும்.

மூன்றாவது ஜோடி 48, 136, கூடுதல் 184. வரிசைக் குழப்பம் என்றால் கூடுதல் இவ்வளவு அருகில் வராது. 4 பாகை அதிகம், அதுவும் விரிகோணத்தில். இரண்டாவது பையன் கோணமானியைத் திரும்ப வைத்துக் காட்டியபோது பிளாஸ்டிக் விளிம்பு தாளின் விளிம்போடு ஒட்டியிருந்தது. பார்த்ததும் பின் பெஞ்சிலிருந்து, "கோடு மேல இருக்குடா, மேல!" என்று கத்தினார்கள். முந்தின பத்து நிமிடத்தில் 57 வாங்கிய அதே கூட்டம்தான் கத்தியது.

நான்காவது வரிதான் வகுப்பை நிறுத்தியது. 110, 70, கூடுதல் 180. மிகச் சரி என்று கைதட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். தாளை உயர்த்திக் காட்டினேன். இடப்பக்கம் தெளிவாகச் சிறிய கோணம், அதற்கு 110 என்று எழுதியிருந்தது. இரண்டு பேரும் தவறான வரிசையில் படித்திருக்கிறார்கள், இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடு செய்துவிட்டது. கூடுதலைப் பார்க்கும் சோதனையில் இது தப்பிவிடும். மூலையை வைத்துப் பார்க்கும் சோதனையில் தப்பாது. அதனால் அன்றிலிருந்து ஒரு விதி: அளப்பதற்கு முன், மூலையைவிடச் சிறியதா பெரியதா என்று சீட்டில் எழுதிவிட்டுத்தான் கோணமானியை வைக்க வேண்டும்.

இதைவிட நுணுக்கமாகத் தப்பிக்கும் பிழை ஒன்றும் இருக்கிறது. இரண்டு பேருமே பிளாஸ்டிக் விளிம்பை ஒட்டி வைத்தால் 60 க்கு 57, 120 க்கு 123, கூடுதல் 180 தான் வரும். ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் அப்படியே கூடிவிடுகிறது. குறுங்கோணம், விரிகோணம் என்ற ஒப்பீடும் சரியாகவே இருக்கும். நேரிய கோண இணையால் இதைப் பிடிக்கவே முடியாது. முக்கோணத்தில் பிடிக்கலாம்: நாம் மடித்த சமபக்க முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் இப்படி அளந்தால் 57, 57, 57, கூடுதல் 171. பின்னால் முக்கோணத்தின் கோணக் கூடுதல் பாடம் வரும்போது யாருக்காவது 171, 173 என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது அவர்கள் கோணமானியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். ஆனால் மடித்த 30° தாள் கையில் இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

"20 பாகை மடிக்க முடியுமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் மகிழ்ச்சியடையுங்கள், நல்ல கேள்வி. 60° ஐ மூன்றாகப் பங்கிட வேண்டும். அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து அது முடியாது என்று 1837 இல் பியேர் வான்ட்செல் நிறுவினார். காகித மடிப்பால் முடியும், ஜப்பானியரான அபே ஹிசாஷியின் மடிப்பு அதைச் செய்கிறது, எந்தக் குறுங்கோணத்தையும் மூன்று சம பங்காக்கும். ஏழாம் வகுப்பில் செய்து பார்க்கலாம், ஏன் என்று விளக்க இன்னும் ஓரிரு ஆண்டுகள் ஆகும். கேட்ட பிள்ளைக்கு மட்டும் தனியாகக் காட்டுவேன்.

மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: கோணமானி இல்லாமல் 75° மடித்து, காரணத்தை ஒரு வரியில் எழுதி, பிறகு அளந்து எண்ணையும் எழுதுக. 30-30-30 தாளில் இடது விளிம்பைப் பென்சில் கோட்டின் மேல் வைத்து மடித்தால் கடைசி 30 பாதியாகிறது, கீழ் விளிம்பிலிருந்து 60 உம் 15 உம் சேர்ந்து 75. சிலர் 90 இலிருந்து 15 கழிப்பார்கள், மடிப்பு அதேதான். சிலர் 45 ஐயும் 30 ஐயும் தனித்தனியே மடித்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நோட்டில் வைத்திருப்பார்கள், அதுவும் சரி. திருத்தும்போது நான் பார்ப்பது காரண வரியையும் அளந்த எண்ணையும் சேர்த்துத்தான். காரணம் சரியாக இருந்து அளவு 74 என்று நேர்மையாக எழுதியிருந்தால் முழு மதிப்பெண். அளவு 75 என்று இருந்து தாளில் மடிப்பு 70 இல் கிடந்தால், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு என் எதிரில் மறுபடி அளக்கச் சொல்வேன். இந்தத் தாளை நோட்டில் ஒரு விளிம்பில் மட்டும் பசை போட்டு ஒட்டச் சொல்லுங்கள். முழுதும் ஒட்டிவிட்டால் மறுபடி மடித்துப் பார்க்க முடியாது.